கலெக்ஷன் வேலையில் கருகிப்போவதற்கு முன்: அறிகுறியைப் பிடிப்பது எப்படி, லீவைத் திட்டமிடுவது எப்படி

ஹட்டன் பக்கத்தில் ஒரு நிதிக் கம்பனியில் கள உத்தியோகத்தராக இருக்கிறேன். தோட்டம் தோட்டமாகப் போய், கடன் எடுத்த லயத்து அக்காமார் தவணை கட்டக் கூடும் சென்டர்களில் காசு வாங்கி, ரசீது எழுதி, பின்னேரம் கிளைக்கு வந்து காசைச் சமன் செய்யும் வேலை. இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பி, தங்கச்சிமாருக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஏனென்றால் மூன்றாம் வருடத்தில் நான் ஒரு தடவை முழுதாக விழுந்தேன். ஒரே நாளில் இரண்டு ரசீதுகளை மாற்றி எழுதி, காசில் 11,400 ரூபாய் குறைந்து, அதை என் கையிலிருந்து கட்டி, எச்சரிக்கைக் கடிதமும் வாங்கி, மூன்று மாத இன்சென்டிவையும் இழந்தேன். மாதம் 14,000 என்று பார்த்தாலும் மூன்று மாதத்துக்கு 42,000. எல்லாம் சேர்த்து 53,400 ரூபாய். பிறகு பழைய குறிப்புப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தபோது, விழுவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே எல்லாம் அதில் தெரிந்தது. பார்க்கத்தான் எனக்குத் தெரியவில்லை.

போன வருடம் அதே நிலை திரும்பி வந்தபோது ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டேன். அந்த முறை எனக்குப் போனது 4,500 ரூபாய் இன்சென்டிவும் 3,800 ரூபாய் இரத்தப் பரிசோதனைக் காசும் மட்டும்தான். இரண்டாம் முறை என்ன செய்தேன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. மூன்று வாரம் ஒரு கொப்பியில் எழுதுங்கள்

உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய் வகைப்பாட்டில் பர்ன்அவுட்டுக்கு, அதாவது இந்தக் கருகிப்போவதற்கு, ஒரு விளக்கம் கொடுத்தது. அதை நோய் என்று சொல்லவில்லை, சமாளிக்கப்படாமல் நீண்ட காலம் இழுத்துக்கொண்டு போகும் வேலை அழுத்தத்தால் வருவது என்று சொன்னது. அதில் மூன்று விஷயங்கள் உண்டு. உடம்பிலும் மனதிலும் சக்தி தீர்ந்துபோவது ஒன்று. வேலையிலிருந்து மனம் விலகி, அதில் கசப்பு வருவது இன்னொன்று. நன்றாகச் செய்து வந்த வேலையையே சரியாகச் செய்ய முடியாமல் போவது மூன்றாவது. என் அனுபவத்தில் மூன்றாவது வரும்போது பெரும்பாலும் நேரம் கடந்துவிடுகிறது, ஏனென்றால் மெனேஜர் கண்ணுக்குத் தெரிவது அது மட்டும்தான். முதல் இரண்டும் உங்களுக்கு மட்டும் தெரிகிற காலத்தில்தான் பிடிக்க வேண்டும்.

"இன்றைக்கு எப்படி இருக்கிறது?" என்று தன்னைத்தானே கேட்டால் எவரும் "சும்மா, பரவாயில்லை" என்றுதான் சொல்லிக்கொள்வோம். அதனால் கேட்க வேண்டாம், அளவிடுங்கள். ஒரு ஒற்றைக் கோட்டுக் கொப்பி வாங்கி நான்கு பத்தி போடுங்கள். நான் எழுதியது இவ்வளவுதான்:

முதல் பத்தி, கிளைக்கு வந்து காசை எண்ணத் தொடங்கி ரசீதோடு சமனாகும் வரை எத்தனை நிமிடம். எனக்கு வழக்கமாக 30 நிமிடம். இரண்டாம் முறை முதல் வாரத்தில் 45, இரண்டாம் வாரத்தில் 55, மூன்றாம் வாரத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். சென்டர் கூடியிருந்தாலும் நேரம் கூடும்தான். அதனால் பக்கத்தில் எத்தனை ரசீது என்றும் போட்டுக்கொண்டேன். ரசீது எண்ணிக்கை மூன்று வாரமும் ஒன்றுதான், நேரம் மட்டும் ஏறியது. ஒரே தாளை நான்கு தடவை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இரண்டாம் பத்தி, தோட்டத்துக்குள் திரும்பும் இடத்தில் பைக்கை நிறுத்திவிட்டுச் சும்மா இருந்த நிமிடங்கள். இதைப் படிக்கும்போது சிலருக்குப் புரியும். கொழுந்து மடுவத்துக்கு மேலே போகிற வளைவில் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஐந்து நிமிடம் என்று நினைப்பேன், மணிக்கூட்டைப் பார்த்தால் 20 ஆகியிருக்கும்.

மூன்றாம் பத்தி, அன்றைக்கு ஆட்களோடு பேசியது. இதற்கு எண் தேவையில்லை, ஒரு வரி போதும். "பெயர் கேட்கவில்லை." "இரண்டு நாள் தவணை கேட்ட அக்காவைப் பேசிவிட்டேன்." ஒரு நாள் நான் எழுதியிருந்தது: "லோன் நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டேன்." அந்த அக்காவின் மகளுக்கு ஓஎல் ரிசல்ட் வந்ததா என்று போன மாதம் விசாரித்தவன் நான்தான். மேலே சொன்ன கசப்பு என்பது என் வேலையில் இப்படித்தான் முகம் காட்டியது. இது வந்தால் குணம் கெட்டுப்போய்விட்டது என்று உங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம், எழுதி வையுங்கள்.

நான்காம் பத்தி, ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும். திங்கள் காலையில் எழும்பும்போது களைப்பு சனி இரவை விடக் குறைந்திருக்கிறதா, இல்லையா. ஆம், இல்லை என்று மட்டும் எழுதுங்கள்.

ஒரு கெட்ட நாளை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. நோர்வூட் பக்கம் மழையில் நனைந்து, ஒரு சென்டரில் பாதிப் பேர் வராத நாளில் எவருக்கும் வேலை வெறுக்கும். நான் வைத்திருக்கும் விதி இது: மூன்று வாரமும் ஞாயிறு களைப்பை எடுக்கவில்லை, அத்துடன் மற்ற மூன்று பத்தியில் இரண்டு வாரா வாரம் மோசமாகிறது என்றால் அடுத்த படிக்குப் போவேன். இது வைத்தியர் சொன்ன விதி இல்லை, என் கொப்பியிலிருந்து நானே எடுத்தது. உங்கள் வேலைக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள். கணக்குப் பிரிவில் இருக்கிற ஆளுக்கு முதல் பத்தி திருத்தி எழுதிய வவுச்சர் எண்ணிக்கையாக இருக்கலாம்.

2. உடம்பில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்

இதைத் தவிர்ப்பதுதான் பெரிய பொறி. எங்கள் கிளையில் ஒரு தங்கச்சி மூன்று மாதமாக "வேலை என்னைக் கொல்லுது அண்ணா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். படி ஏறினாலே மூச்சு வாங்கும். கடைசியில் இரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 8 சொச்சம். பெண்களுக்கு 12க்குக் குறைந்தாலே இரத்தசோகை. அவருக்குத் தேவைப்பட்டது லீவு இல்லை, இரும்புச்சத்து மாத்திரையும் ஏன் குறைந்தது என்ற விசாரணையும். தைரொயிட் குறைந்தாலும் இதே களைப்பு, இதே மந்தம் வரும். சீனி வருத்தமும் அப்படித்தான்.

அதனால் முழு இரத்தப் பரிசோதனை, தைரொயிட் பார்க்கும் டிஎஸ்எச், வெறும் வயிற்றில் சீனி, இந்த மூன்றையும் செய்யுங்கள். அரச ஆஸ்பத்திரி ஓபிடியில் காசு இல்லை, ஆனால் காலையிலேயே போய் நம்பர் எடுக்க வேண்டும், ரிப்போர்ட்டுக்கு இன்னொரு நாள் போக வேண்டும். எனக்கு அந்த இரண்டு நாளையும் ஒதுக்க முடியாததால் தனியார் லேபில் 3,800 ரூபாய் கொடுத்துச் செய்தேன். விலை இடத்துக்கு இடம் மாறும், முதலில் போன் பண்ணிக் கேளுங்கள். ரிப்போர்ட்டைக் கொண்டுபோய் டொக்டரிடம் காட்ட வேண்டும், நீங்களே வாசித்து முடிவு செய்ய வேண்டாம்.

இன்னொன்று, இதை விட முக்கியமானது. பர்ன்அவுட்டா மனச்சோர்வு நோயா என்பது. எனக்கு டொக்டர் சொல்லித் தந்த அடையாளம் எளிமையானது. வேலை இல்லாத நாளில், பிடித்த ஆட்களோடு இருக்கும்போது கொஞ்சமாவது மனம் திறக்கிறதா? எனக்குத் திறந்தது. கிரிக்கெட் பார்த்தால் சிரித்தேன், அம்மா சுடும் ரொட்டி ருசித்தது. எதுவுமே ருசிக்கவில்லை, பிடித்த விஷயமும் பிடிக்கவில்லை, இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருக்கிறது என்றால் அது வேறு. லீவு எடுத்தால் தீர்ந்துவிடும் என்று காத்திருக்கக் கூடாது. டொக்டர்மார் இதற்குப் பிஎச்கியூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தைப் பயன்படுத்துவார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் வைத்தியரிடம் போக வேண்டிய நிலை. ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்ற எண்ணம் வருகிறதா என்பது. அதற்குப் பதில் பூச்சியம் இல்லையென்றால் மொத்தத்தைக் கூட்டிக்கொண்டிருக்க வேண்டாம், அன்றைக்கே யாரிடமாவது பேசுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கம் 24 மணித்தியாலமும் இயங்கும். ஆஸ்பத்திரி மனநல கிளினிக்கும் இருக்கிறது. ஊரில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பயந்தால் பக்கத்து டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். அப்படிப் போன ஆளை எனக்குத் தெரியும்.

3. எது எரிக்கிறது என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

லீவு எடுத்துவிட்டு அதே சுமைக்குத் திரும்பினால் என்ன நடக்கும் என்று ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். விடுமுறையால் கிடைக்கும் தெம்பு பெரும்பாலும் சில வாரங்களிலேயே கரைந்துவிடுகிறது. முதல் தடவை விழுந்த பிறகு எனக்கும் அதுதான் நடந்தது. ஐந்து நாள் வீட்டில் படுத்தேன், மூன்றாவது வாரம் பழைய இடத்திலேயே நின்றேன். ஆகவே லீவு கேட்பதற்கு முன்னால், எதைக் குறைத்தால் சமாளிக்கலாம் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

என் கணக்கைச் சொல்கிறேன். எனக்கு 22 சென்டர், 310 பேர். மஸ்கெலியாப் பக்கம் பார்த்த ஒரு தம்பி வேலையை விட்டுப் போனதும், அவருடைய 9 சென்டரை, 120 பேரை, "தற்காலிகமாக" எனக்குத் தந்தார்கள். தற்காலிகம் ஏழு வாரம் ஆகிவிட்டது. எனக்கு முதலில் தோன்றியது, ஆட்கள் கூடியதால் களைப்பு என்று. ஆனால் கொப்பியில் நாள் வாரியாகப் பார்த்தால், சமனாக்க அதிக நேரம் எடுத்த நாட்களெல்லாம் செவ்வாயும் வியாழனும். அந்த இரண்டு நாளிலும்தான் காலையில் பழைய சென்டர், பின்னேரம் மஸ்கெலியாப் பக்கச் சென்டர். அக்காமார் மலையிலிருந்து இறங்கி வந்த பிறகுதான் சென்டர் கூட்ட முடியும், அதனால் கிளைக்குத் திரும்ப ஏழு, ஏழரை ஆகும். அதற்குப் பிறகு காசு எண்ணல். வீட்டுக்குப் போக ஒன்பது. சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் அரியர்ஸ்காரர்களின் கோல்.

ஆக எரித்தது 430 பேர் இல்லை. இரண்டு பின்னேரங்களும், அதற்குப் பிறகு அடிக்கும் போனும். இது தெரிந்ததும் கேட்க வேண்டியது சிறியதாகிவிட்டது. "எல்லாச் சென்டரையும் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டால் எந்த மெனேஜரும் தரமாட்டார். ஒன்பதில் ஐந்தைக் கேட்டால், அதாவது செவ்வாய்க்கிழமைச் சென்டர்களை மட்டும் கேட்டால், யோசிப்பார்.

உங்கள் பக்கத்தில் இது சுமையாக இல்லாமலும் இருக்கலாம். வேலை குறைவுதான், ஆனால் எதையும் உங்களால் முடிவு செய்ய முடியாது, ஒவ்வொரு ரீஷெடியூலுக்கும் மூன்று பேரிடம் கேட்க வேண்டும் என்ற நிலையும் ஆளைக் கருக்கும். அல்லது ஒரே வேலைக்கு ஒருவருக்குக் கூடுதல் பெற்றோல் காசு, உங்களுக்கு இல்லை என்பதும். அந்த நாட்களைக் கொப்பியில் வட்டமிட்டுப் பாருங்கள்.

4. லீவுக் கணக்கைக் கையில் எடுங்கள்

தனியார் நிதிக் கம்பனிகளில் நம்மைப் போன்றோர் பெரும்பாலும் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்துக்குள் வருகிறோம். அதன்படி ஒரு வருடம் வேலை செய்தால் அடுத்த வருடத்தில் சம்பளத்தோடு 14 நாள் வருடாந்த லீவு. அதில் குறைந்தது 7 நாள் தொடர்ச்சியாகத் தரப்பட வேண்டும். இந்த ஏழு நாள்தான் நமக்கு வேண்டியது. பல பேருக்கு இந்த விஷயம் தெரியாது, 14ஐயும் ஒன்று இரண்டாகப் பிய்த்துத் திருவிழா, கல்யாணம், பிள்ளையின் பாடசாலை என்று முடித்துவிட்டு வருடக் கடைசியில் கையை விரிப்பார்கள். இது தவிர கெஷுவல் லீவு வருடத்துக்கு 7 நாள்.

புதியவர்களுக்கு முக்கியம்: சேர்ந்த வருடத்தில் வருடாந்த லீவு கிடையாது. கெஷுவல் மட்டும், அதுவும் இரண்டு மாதம் முடிந்தால் ஒரு நாள் என்ற கணக்கில். அடுத்த வருடம் எத்தனை நாள் கிடைக்கும் என்பது சேர்ந்த மாதத்தைப் பொறுத்தது. வருடத்தின் முதல் மூன்று மாதத்துக்குள் சேர்ந்தால் 14, அடுத்த மூன்று மாதத்தில் 10, அதற்கடுத்த மூன்றில் 7, கடைசி மூன்றில் சேர்ந்தால் 4. ஆகவே நவம்பரில் சேர்ந்த ஒருவர் அடுத்த வருடம் முழுவதும் 4 நாளை வைத்துத்தான் ஓட வேண்டும். அப்படிப்பட்டவர்கள் மூன்றாவது படியில் சொன்ன சுமைக் குறைப்பையே நம்ப வேண்டும், லீவை இல்லை.

கையில் வைத்திருக்க வேண்டிய கடதாசிகள்: நியமனக் கடிதத்தின் பிரதி, எச்ஆரிடமிருந்து எழுத்தில் வாங்கிய லீவு மீதி (வட்ஸ்அப்பில் வந்தாலும் போதும், ஆனால் வாயால் சொன்னது போதாது), கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு. இடையில் வரும் ஞாயிறையும் போயாவையும் கம்பனி லீவில் கழிக்கிறதா என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பொய் மெடிக்கல் மட்டும் எடுக்காதீர்கள். உண்மையில் டொக்டர் ஓய்வு எழுதித் தந்தால் அது வேறு. காசு கொடுத்து வாங்கிய சான்றிதழ் பிடிபட்டால், களைத்துப்போன நல்ல ஊழியர் என்ற இடத்திலிருந்து ஒழுக்காற்று விசாரணைக்குப் போய்விடுவீர்கள்.

இன்னொரு பொறி ராஜினாமா. எனக்கு அந்த மூன்றாவது வாரத்தில் கடிதமே எழுதி பேக்கில் இருந்தது. அப்போது சேர்ந்து நான்கு வருடம் ஐந்து மாதம். பணிக்கொடைக்கு ஐந்து வருடம் முழுதாக முடிந்திருக்க வேண்டும், வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். ஏழு மாதத்துக்காக அதை விட்டுவிட்டுப் போகப் பார்த்தேன். வேலையை விடுவது தப்பில்லை, பல பேருக்கு அதுதான் சரி. ஆனால் தூங்கி எழுந்த மூளையால் அந்த முடிவை எடுங்கள்.

5. திகதியைத் தேர்ந்தெடுங்கள்

தோட்டத்தில் சம்பளம் பெரும்பாலும் 10ஆம் திகதியை ஒட்டி. எங்கள் கலெக்ஷன் முழுதும் அதன் பின்னால் நான்கைந்து நாளில்தான் ஓடும். மாதக் கடைசியில் அரியர்ஸ் துரத்தல். ஆகவே 1ஆம் திகதியிலிருந்து 9 வரைதான் கம்பனிக்கும் எனக்கும் நட்டம் குறைந்த நாட்கள். நான் கேட்டது ஒரு திங்கட்கிழமை 2ஆம் திகதியிலிருந்து அடுத்த திங்கள் 9 வரை. நடுவில் ஒரு ஞாயிறு, ஆக லீவு ஏழு நாள். 1ஆம் திகதி ஞாயிறையும் சேர்த்தால் ஒன்பது நாள் வீட்டில்.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது, கவனித்திருப்பீர்கள். திரும்பி வரும் நாள் 10, அதாவது மாதத்தின் மிகக் கடுமையான நாள். அதனால் எனக்குப் பதிலாகப் பார்க்கும் தம்பி 9ஆம் திகதியோடு விலகாமல் 14 வரை என்னோடு சேர்ந்து வர வேண்டும் என்றும் அதே கடிதத்தில் கேட்டேன். இதைக் கேட்காமல் போனவர்கள் திரும்பிய முதல் நாளே இரவு ஒன்பது மணி வரை காசு எண்ணியிருக்கிறார்கள்.

சித்திரை, தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரமும் கேட்க வேண்டாம், கிடைக்காது. குறைந்தது மூன்று வாரம் முன்னால் கேளுங்கள்.

6. மெனேஜரிடம் பேசுவது

"மனசு சரியில்லை சேர்" என்று தொடங்கினால் பேச்சு ஆறுதலில் முடியும், திகதியில் முடியாது. முதல் தடவை எனக்கு அப்படித்தான். "எல்லோருக்கும் இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்" என்று டீ வாங்கித் தந்து அனுப்பிவிட்டார். கெட்ட மனிதர் இல்லை, அவர் கையில் பிடிக்க எதுவும் நான் கொடுக்கவில்லை.

இரண்டாம் தடவை வேறு மெனேஜர். மாத முதல் வாரத்தில், காலையில், கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினேன்.

"சேர், ஒரு பத்து நிமிடம் வேணும். காசு சமனாக்க எனக்கு அரை மணித்தியாலம் எடுத்தது இப்போ ஒரு மணித்தியாலம். இன்னும் காசில் குறைவு வரவில்லை. ஆனால் இப்படியே போனால் வரும், முன்னே ஒருமுறை வந்தது சேருக்கும் தெரியும்."

அவர் கொப்பியை இழுத்து எடுத்துப் பார்த்தார். "இது செவ்வாயிலயும் வியாழனிலயும் மட்டும்தானே கூடியிருக்கு?" என்று அவரே கேட்டார். அங்கேயே பாதி வேலை முடிந்தது. செவ்வாய்க்கிழமைச் சென்டர் ஐந்தையும் புதிதாக வந்த தம்பிக்கு மாற்றச் சம்மதித்தார். வியாழன் நான்கும் என்னிடமே இருக்கட்டும் என்றார், சரி என்றேன்.

பேசி முடித்த அன்றைக்கே எழுத்தில் கொடுங்கள். என் கடிதம் இவ்வளவுதான்:

"எனது வருடாந்த லீவிலிருந்து 7 நாட்களை 2ஆம் திகதி முதல் 9ஆம் திகதி வரை தொடர்ச்சியாகப் பெற்றுக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன். இக்காலத்தில் எனது சென்டர்களைப் பார்ப்பவருக்கான கையளிப்புப் பட்டியலை 28ஆம் திகதிக்கு முன் தருகிறேன். 10 முதல் 14 வரை அவர் என்னுடன் இணைந்து பணிபுரிய ஒழுங்கு செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

நோய், அழுத்தம் எதுவும் அதில் இல்லை. வருடாந்த லீவுக்குக் காரணம் தேவையில்லை, எழுதினால் அது உங்கள் பைலில் கிடக்கும். ஒரு பிரதியில் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வருடம் முழுக்கக் கேட்டும் தொடர்ச்சியாக ஏழு நாள் தரவே மறுக்கிறார்கள் என்றால் பக்கத்துத் தொழில் அலுவலகத்தில் விசாரிக்கலாம். அதற்கும் இந்தப் பிரதிதான் தேவைப்படும்.

7. கையளிப்பு

கையளிப்புச் சரியில்லையென்றால் லீவு நாளில் போன் அடித்துக்கொண்டே இருக்கும். சென்டருக்கு ஒரு வரி என்று எழுதினேன்: தலைவி அக்காவின் பெயர், கூடும் இடம், நேரம், யார் யார் வழக்கமாகப் பிந்துவார்கள், ஏன். இந்த "ஏன்"தான் முக்கியம். "கணவன் கொழும்பிலிருந்து 5ஆம் திகதி காசு போடுவார்" என்று தெரிந்தால் புதுத் தம்பி அந்த வீட்டு வாசலில் மூன்று நாள் நிற்க மாட்டார். 30ஆம் திகதி ரசீதுப் புத்தகத்தைக் கடைசி இலக்கத்தோடு கையொப்பமிட்டு ஒப்படைத்தேன். பழைய புத்தகத்தைப் பாதியில் இன்னொருவர் கையில் கொடுக்காதீர்கள். பிறகு வரும் குறைவு யாருடையது என்று சொல்ல முடியாது.

சென்டர்களில் நானே சொன்னேன், "அக்கா, நான் ஒன்பது நாள் இல்லை, கிளை நம்பருக்கு எடுங்க" என்று. சிம்மைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு மட்டும் தெரிந்த வேறு நம்பரைப் போட்டேன்.

8. அந்த ஒன்பது நாள்

முதல் மூன்று நாள் தூக்கம்தான், அதற்கு மேல் திட்டம் போடாதீர்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லையென்றால் "லீவுதானே" என்று கூரைத் தகரம் மாற்றும் வேலை உங்கள் தலையில் விழும். நான்காம் நாளிலிருந்து கையால் செய்யும் ஏதாவது ஒன்று. நான் வீட்டுக்குப் பின்னால் லீக்ஸ் பாத்தி போட்டேன். வேலையை மனதிலிருந்து இறக்குவதும், வேறொன்றைக் கற்றுக்கொண்டு செய்வதும் மீள உதவுகின்றன என்று இதை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். டிவி முன்னால் கிடந்த நாட்களை விடப் பாத்தி போட்ட நாட்களில்தான் எனக்கு இரவு தூக்கம் முழுதாக வந்தது.

பிளேன்டீயைக் கணக்குப் பாருங்கள். சென்டருக்கு ஒரு கப் என்று நான் நாளைக்கு எட்டு கப் குடித்திருக்கிறேன், கடைசி கப் இரவு ஏழுக்கு. பிறகு மூன்று மணிக்கு விழித்தால் வேலைக் கவலை என்று நினைத்தேன். பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு நிறுத்தினேன். சாராயம் தூக்கம் தருவது போல இருக்கும், ஆனால் நடு இரவில் எழுப்பிவிடும். அந்த ஒன்பது நாளாவது வேண்டாம்.

9. திரும்பிய பிறகு நான்கு வாரம்

கொப்பியைத் திரும்பத் திறங்கள். எனக்குத் திரும்பிய வாரம் சமனாக்க 35 நிமிடம், இரண்டாம் வாரம் 30, மூன்றாம் வாரம் 30. நான்காம் வாரம் 40க்கு ஏறியது. போய்ப் பார்த்தால், மாற்றித் தந்த ஐந்தில் இரண்டு சென்டர் "இந்த ஒரு தடவை மட்டும்" என்று என்னிடமே வந்திருந்தது. கையொப்பமிட்ட பிரதியோடு மெனேஜரிடம் போனேன். அடுத்த செவ்வாயிலிருந்து அந்த இரண்டும் மறுபடி தம்பியிடம் போனது.